பச்சைக் கூடை நின்ற இடம்

டோக்கன் ஜன்னல் திறக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. பரஞ்சோதி ஒன்பதாவது ஆளாக நின்றார், இன்று ஏனோ கூட்டம் குறைவு. கல்லூரியில் பதினெட்டு வருடமாகத் தத்துவம் நடத்துகிறவர், பதினோரு மணிக்குக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டியவர், இப்போது ஒரு கையில் அக்காவின் மருத்துவக் கோப்பும் மறு கையில் கட்டுரைத் தாள்களுமாக ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். கட்டுரையின் பெயர், வரிசையைத் தாண்டுதல். வரிசையில் நின்றுகொண்டே வரிசையைப் பற்றிப் படிப்பதில் ஒரு கேலி இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது, ஆனால் சிரிப்பு வரவில்லை. அக்கா சுலோச்சனா சுவரோரப் பெஞ்சில் வீங்கிய காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் இந்த அறக்கட்டளை மருத்துவமனைக்குச் சிறுநீரக டாக்டர் வருவார், இருபத்தைந்து டோக்கன் கொடுப்பார்கள், இருபத்தாறாவது ஆள் யாராக இருந்தாலும் அடுத்த முறைதான். அதனால் விடியும் முன்பே ஜனம் வந்துவிடும், வந்து, நிற்க முடியாதவர்கள் பையையோ செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ தரையில் வைத்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பை நிற்கிற இடம் ஆள் நிற்கிற இடம். இதை எழுதிவைத்தவர் யாருமில்லை, எல்லாருக்கும் தெரியும். பரஞ்சோதிக்கும் தெரியும். கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறார், ஒரு செயல் சரியா தவறா என்று நேராகக் கேட்காதே, அந்தச் செயலை அனுமதிக்கிற ஒரு பொதுக் கொள்கையை முதலில் எழுது, பிறகு அந்தக் கொள்கையை அதனால் பாதிக்கப்படும் யாராவது நியாயமாக மறுக்க முடியுமா என்று பார், முடியும் என்றால் செயல் தவறு. நியாயமாக என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டைப் போட்டபோது சொந்தமாக ஏதோ கண்டுபிடித்தவர் மாதிரி ஒரு வாய் காப்பி குடித்தது ஞாபகம் வந்தது. அப்போதுதான் பின்னால் யாரோ வந்து நின்றார்கள், அவர் திரும்பினார், முதலில் முகம் தெரியவில்லை, கூடைதான் தெரிந்தது.

பச்சையும் வெள்ளையும் கலந்த வயர் கூடை. ஒரு பக்கக் கைப்பிடி பிய்ந்து நீல நைலான் கயிறால் கட்டியிருந்தது. ஆயிரம் கூடை இருக்கிறது பச்சை வெள்ளையில், பஸ் ஸ்டாண்டுக் கடையில் தோரணமாகத் தொங்குகிறது, எந்தக் கூடையாக வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் நீலக் கயிறு இருக்கிறதே. அந்தக் கயிற்றின் சொரசொரப்பு அவர் விரலுக்குத் தெரியும். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகால் மணிக்கு அவர் அதைத் தூக்கியிருக்கிறார். உள்ளே பிளாஸ்கும் தட்டும் இருந்தன போல, கனமாக இருந்தது, தட்டு லேசாக டங் என்றது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்வுக் கண்காணிப்புக்குப் பத்து மணிக்குப் போக வேண்டிய நாள். எண்ணிப் பார்த்தார், இருபத்தாறாவது. மறுபடி எண்ணினார், பைகளையும் சேர்த்து, மறுபடி இருபத்தாறு. இருபத்தைந்தாவது இடத்தில் இந்தக் கூடை. பக்கத்தில் ஆளில்லை, அதற்கு முன்னால் இருந்தவை ஒரு ஜோடி செருப்பும் ஒரு துணிப்பையும், அவற்றுக்கும் ஆளில்லை. கூடையைத் தூக்கித் தன் காலுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓரடி முன்னால் நகர்ந்தார். அவ்வளவுதான், ஒரு தரையோட்டு அகலம். உடம்பு வேர்த்ததா? வேர்த்தது, ஆனால் மார்ச் மாதம், முகக்கவசம் வேறு போட்டிருந்தார். இப்போது செப்டம்பர், காற்று இருக்கிறது, இப்போதும் வேர்க்கிறது.

தாளைப் பார்த்தார். எழுத்து நகர்ந்தது. மூன்றாம் பக்கம், இடங்கள். கொள்கையை எழுதிய பிறகு, அதன் கீழ் ஒவ்வொரு இடத்திலும் நிற்கிறவருக்கு என்ன சுமை என்று பார்க்க வேண்டும். தாண்டுகிறவர் ஒரு இடம். தாண்டப்பட்டு ஓரடி பின்னால் போகிறவர் ஒரு இடம். கடைசி டோக்கனிலிருந்து கீழே விழுகிறவர் ஒரு இடம். அந்த இடத்தில் இன்ன பெயருள்ள ஆள் நிற்கிறார், அவருக்கு இன்னது பிடிக்கும் என்பதெல்லாம் கணக்கில் வராது, அந்த இடத்தில் யார் நின்றாலும் அவருக்கு இருக்கக்கூடிய காரணம் மட்டும் வரும். துறைத் தலைவி வரைவைப் படித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கு பரஞ்சோதி, ஆனா உங்க எடுத்துக்காட்டுல ஆளே இல்லையே, ரொம்ப துடைச்சு வச்ச மாதிரி இருக்கு என்றார். துடைத்துத்தான் வைத்திருந்தார். கூடையை எடுத்துவிட்டு ஒரு பொருள் என்று எழுதியிருந்தார். தன்னை எடுத்துவிட்டு ஒருவர் என்று எழுதியிருந்தார். மருத்துவமனையை எடுத்துவிட்டுத் திரையரங்கு என்று எழுதி, அது தனக்கே பொறுக்காமல், அடித்துவிட்டு ஓர் அலுவலகம் என்று எழுதியிருந்தார். படித்த மனிதன் பூசி மெழுகினால் சுவரில் விரிசல் தெரியாது, அவ்வளவு நேர்த்தியாக மெழுகுவான்.

"சார், இதுதான கடைசி?"

அந்தப் பெண் கேட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பொட்டில்லாத நெற்றி. பரஞ்சோதி அந்த நெற்றியைப் பார்த்தார், பார்த்த கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாளில் வைத்தார்.

"ஆமாம்மா. நான் ஒம்பது. நீங்க பத்து." கொஞ்சம் பொறுத்து, வாய் தானாகவே சொன்னது, "நேரம் இருக்கு. கூடைய வச்சுட்டு வேணா போயி உக்காருங்க."

"வேணாங்க. நான் கூடைய விட்டுட்டுப் போறதில்ல." கூடையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி.

பொட்டு இல்லை. மார்ச்சில் இருந்ததா? அவர் பார்க்கவில்லை. மார்ச்சில் அவர் பார்த்தது பெஞ்சில் போர்வை போர்த்திச் சாய்ந்திருந்த ஆணை, மஞ்சளாக ஊதிப்போயிருந்த முகத்தை, அந்த ஆள் மூச்சு விடும்போது தோள் மேலும் கீழும் போனதை. ஏழே முக்காலுக்கு அவனைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பி வந்த இவள், தன் கூடை இருந்த இடத்தைப் பார்த்து ஒரு நிமிடம் குழம்பி நின்றாள். நான் உங்களுக்கு முன்னாடிதானே வச்சேன் என்று கேட்டாள். சண்டையாகக் கேட்கவில்லை, சந்தேகமாகக் கேட்டாள், அதுதான் இன்னும் மோசம். பரஞ்சோதி முகக்கவசத்துக்குள்ளிருந்து, தெரியலையேம்மா, நான் வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு என்றார், வாய் கூசாமல். அவள் அவருக்குப் பின்னால், கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். இருபத்தைந்தோடு ஜன்னல் மூடிற்று. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள், உள்ளே இருந்தவர் வெள்ளிக்கிழமை என்றார், அவள் மறுபடி ஏதோ சொன்னாள், அவர் மறுபடி வெள்ளிக்கிழமை என்றார். டாக்டர் அக்காவை இரண்டு நிமிடம் பார்த்தார். அதே மாத்திரையைச் சாப்பிடுங்க என்றார். அவ்வளவுதான். அதற்காகத்தான்.

இல்லை, சோதனை அதைப் பார்க்காது. விளைவை வைத்துப் பின்னாலிருந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. கொள்கையைத்தான் பார்க்க வேண்டும், அதை எழுதும்போது யார் பிழைப்பார், யார் போவார் என்று யாருக்கும் தெரியாது. இதில் ஒரு ஆறுதல் இருக்கிறதா என்று அவர் தடவிப் பார்த்தார், ஒரு வினாடி இருந்தது, பிறகு இல்லை. சரி, கொள்கையை எழுதுவோம். அவசரம் உள்ள எவரும், முன்னால் இருப்பவரைக் கேட்காமலே முன்னால் போகலாம். மறுப்பு எங்கிருந்து வரும்? போன வருடம் வகுப்பில் ஒரு பையன் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டான், சார், நெஞ்சு வலியோட ஒருத்தன் வர்றான், அவன் முன்னால போனா இருபது பேருக்கு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் போகும், இருபது ரெண்டு நாப்பது நிமிஷம், அப்போ அவன் போகக் கூடாதா என்று. பரஞ்சோதி உற்சாகமாகப் பதில் சொன்னார். கூட்டக் கூடாது, இந்தச் சோதனையில் கூட்டல் கிடையாது, ஏன் என்றால் நாற்பது நிமிடத்தை இழக்கிற ஆள் என்று ஒருவரும் வரிசையில் இல்லை, இரண்டு நிமிடத்தை இழக்கிற ஆட்கள்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருவரின் சுமையையும் தனித்தனியாக எடுத்து நெஞ்சு வலிக்காரனின் சுமையோடு ஒப்பிடு. இரண்டு நிமிடத்துக்காக உயிரை நிறுத்துகிறவன் மறுக்கலாம், ஆனால் நியாயமாக மறுக்க முடியாது. ஆகவே உயிர் போகிற அவசரத்துக்கு வழிவிடு என்ற கொள்கை நிற்கும். பையன் தலையாட்டினான். பரஞ்சோதிக்கு அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது. கூட்டல் இல்லை. அப்படியானால் அந்த மார்ச் செவ்வாயிலும் கூட்டாதே, ஒன்றுக்கு ஒன்று வை. இந்தப் பக்கம் ஒருவர், அக்காவின் வழக்கமான பரிசோதனை, ஒரு தேர்வு அறைக்குத் தாமதமாகப் போவது. அந்தப் பக்கம் ஒருவர், தோள் மேலும் கீழும் போகிற மூச்சு. தராசைத் தூக்கிப் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் எனக்குத் தெரியாதே, கூடைக்கு மூச்சு வாங்குமா, கூடையைப் பார்த்தால் யாருடையது, எவ்வளவு அவசரம் என்று தெரியுமா என்று அவருக்குள் ஒரு வக்கீல் எழுந்து சப்பைக்கட்டு கட்டினான். ஆறு மாதமாக இவன்தான் அவரைத் தூங்க வைக்கிறவன். தெரியாது, சரி. ஆனால் ஐந்தாம் பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய், மறுக்க ஆள் எதிரில் நிற்க வேண்டியதில்லை, இடம் இருந்தால் போதும் என்று. அந்த ஆள் வாய் திறந்து மறுப்பாரா என்பது கேள்வியே இல்லை, அந்த இடத்திலிருந்து மறுக்கக் காரணம் இருக்கிறதா என்பதே கேள்வி என்று. ஊமையும் மறுக்கலாம், தூங்குகிறவனும் மறுக்கலாம், கழிவறைக்குப் போனவளும் மறுக்கலாம். கூடை மறுத்தது. டங் என்றது. அப்புறம் ஆறாம் பக்கம், அதுதான் உயிர்ப் பக்கம். ஒரு கொள்கையை மறுத்தால் போதாது, அதற்கு மாற்று என்ன, அந்த மாற்றில் யாருக்கு என்ன சுமை என்றும் பார்க்க வேண்டும். எந்தக் கொள்கையும் யாராவது ஒருவருக்குச் சுமைதான், சுமை இருக்கிறது என்பதற்காக மட்டும் மறுப்பது நியாயமில்லை. மாற்று மிக எளிது. அவசரம் உள்ளவர் கேட்டுவிட்டுப் போகலாம். ஆள் இல்லையென்றால் ஆள் வரும்வரை காத்திருந்து கேட்க வேண்டும். இதில் தாண்டுகிறவருக்கு என்ன சுமை? கொஞ்சம் நேரம், கொஞ்சம் கூச்சம், இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கூச்சம் என்ற இந்தச் சின்னச் சுமையைத் தவிர்க்க இன்னொருவர் மேல் தெரியாத அளவுள்ள சுமையை இறக்குகிறாய். கூடவே, மற்றவர்கள் எல்லாரும் பையை நகர்த்தாமல் இருப்பதால்தான் நீ ஒரு பையை நகர்த்தியதில் லாபம், எல்லாரும் நகர்த்தினால் வரிசையே இல்லை, அப்போது இருபத்தைந்தாவது இடம் என்று ஒன்றே கிடையாது. எல்லாருக்கும் இல்லாத ஒரு சலுகையை உனக்கு மட்டும் எடுத்துக்கொண்டாய். ஆகவே. ஆகவே என்று எழுதிப் புள்ளி வைத்திருக்கிறார். புள்ளியில் மை கொஞ்சம் பரவியிருந்தது.

"பரீட்சையா சார்? அப்பலேந்து படிச்சுக்கிட்டே இருக்கீங்க."

"பரீட்சை இல்லம்மா. காலேஜ்ல ஒரு கூட்டம். பேசணும்."

"எதப் பத்தி?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏதோ பாடம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருடப் பழக்கம், கேள்வி கேட்டால் பதில் வந்துவிடுகிறது. "வரிசையில ஒருத்தர தாண்டிப் போறது சரியா, தப்பான்னு."

அவள் சிரித்தாள் என்று சொல்ல முடியாது, உதடு ஒரு பக்கம் போயிற்று. "இதுக்குக் கூட்டம் போட்டுப் பேசுவாங்களா?"

"தாண்டிப் போனவர், தாண்டப்பட்டவர்கிட்ட போயி, இந்தக் காரணத்துக்காகப் போனேன்னு சொல்ல முடியுமா, அவங்க அத நியாயமா மறுக்க முடியாம இருக்குமான்னு பாக்கணும். அதான்."

"சொன்னா போதுமா?"

"சொல்லக்கூடிய காரணம் இருக்கணும்."

அவள் கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். ஜன்னல் பக்கம் யாரோ இருமினார்கள். பரஞ்சோதி பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்தார், முடிந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார், கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதர், யாரிடம் வேண்டினாரோ.

"எங்க வீட்டுக்காரர இங்கதான் கூட்டிட்டு வந்தேன், மார்ச்சில," என்றாள் அவள். "முதநாளே வந்து படுத்து, ஆறு மணிக்குத்தான் எந்திரிச்சுக் கூடைய வச்சேன். அவருக்கு ஒண்ணுக்கு வந்துச்சு, கூட்டிட்டுப் போனேன். வந்து பாத்தா என் கூடை ஒரு ஆள் தள்ளி இருக்கு. டோக்கன் எனக்கு முன்னாடி ஆளோட முடிஞ்சிருச்சு. வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க. வியாழக்கிழமை ராத்திரியே மூச்சு நின்னுபோச்சு."

டாக்டர் பார்த்திருந்தாலும் என்று வக்கீல் ஆரம்பித்தான், அந்த நிலைமையில் இரண்டு நாளில் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டான். வாயை மூடு என்றார் பரஞ்சோதி, உள்ளேதான், வெளியே உதடு அசைந்திருக்கும் போல, அவள் என்ன சார் என்றாள்.

"ஒண்ணுமில்ல. இப்ப... இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"என்ன வியாதியில போனாருன்னு டாக்டர் ஒரு சீட்டு எழுதித் தரணும். பொண்ணு காலேஜ்ல கேக்கறாங்க. அதுக்கும் டோக்கன்தானாம்."

"நீங்க எனக்கு முன்னாடி நில்லுங்கம்மா." சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது, ஆறு மாதம் கழித்து ஒரு தரையோட்டைத் திருப்பிக் கொடுக்கிற அசிங்கம். "வாங்க, முன்னாடி வாங்க."

"வேணாங்க," என்றாள். "எனக்கு இனிமே என்ன அவசரம்."

அக்கா பெஞ்சில் கண் திறந்து மணி என்ன என்று கையால் கேட்டாள். ஏழு நாற்பது. அக்கா உயிரோடு இருக்கிறாள், காலையில் இட்லி இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றாள், அவள் மேல் ஒரு வினாடி அவருக்குக் கோபம் வந்தது, ஏன் என்று கேட்டால் சொல்ல முடியாது. பேசாமல் இருந்துவிடலாம். இருபது நிமிடம். டோக்கன் வாங்கி, உள்ளே போய், வெளியே வந்து, பதினோரு மணிக்கு மேடையேறி, ஒருவர் ஒரு பொருளை நகர்த்துகிறார் என்று வாசித்து, கைதட்டல் வாங்கி. இவளுக்கு என்ன தெரியும், முகக்கவசத்துக்குப் பின்னால் இருந்த முகம் இதுவென்று யாருக்குத் தெரியும். சொன்னால் செத்தவன் வரப்போவதில்லை. சொல்லிவிட்டால் என் பாரம்தான் குறையும், அவள் பாரம் கூடும், ஆகவே சொல்லாமல் இருப்பதே அவளுக்கு நல்லது. அட, எவ்வளவு அழகாக வருகிறது பார், இந்த வக்கீலுக்கு மேடையே வேண்டாம்.

"எம் பொண்ணு எங்கூடப் பேசறதில்ல சார்," என்றாள் அவள், தரையைப் பார்த்து, தனக்கே சொல்வதுபோல. "சௌமியா. ஹாஸ்டல்ல இருக்கா. நீ ஏன் வரிசைய விட்டுப் போன, இடத்த மாத்தி வச்சிருப்ப, அதான் அப்பா போயிட்டாருங்கறா. நான் தரை ஓட்ட எண்ணித்தான் வச்சேன். ஆனா அப்பறம் நெனச்சு நெனச்சு எனக்கே தெரியல. அந்த ஆள் வேற, வரும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னாரு. படிச்சவர் மாதிரி இருந்தாரு. பொய் சொல்லுவாரா. நாந்தான் தூக்கக் கலக்கத்துல மாத்தி வச்சிருப்பேனோ என்னவோ."

மூன்றாம் பக்கத்தில் சுமைகளின் பட்டியல் இருந்தது. இழந்த நேரம், இழந்த டோக்கன், சமமாக மதிக்கப்படாதது. இது அதில் இல்லை. ஒரு மனுஷி ஆறு மாதமாகத் தன் கையையே நம்பாமல் இருப்பது, பெற்ற மகளுக்குக் கொலைகாரியாக இருப்பது, அதைத் தினம் கூடையோடு சேர்த்து இடுப்பில் சுமப்பது. அவர் கை தாளை மடித்தது, இரண்டாக, நான்காக, சட்டைப்பையில் நுழையாமல் பிதுங்கியது. பயம்தான். அடிப்பாளா, கத்துவாளா, அக்கா கேட்பாளா, இந்த இருபது பேரும் திரும்பிப் பார்ப்பார்களா.

"நீங்க மாத்தி வைக்கலம்மா." குரல் அவருடையது மாதிரி இல்லை. "நீங்க சரியாத்தான் வச்சீங்க. இருபத்தஞ்சாவது. நீலக் கயிறு கட்டின பக்கம் சுவரப் பாத்து இருந்துச்சு. அதத் தூக்கிப் பின்னாடி வச்சது நான்தான். நீங்க கேட்டப்ப பொய் சொன்னதும் நான்தான்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் மூக்குக்கு மேலே இருந்த பகுதியை மட்டும் பார்த்தாள், அன்று முகக்கவசம் மறைக்காத பகுதியை, வெகுநேரம். கை ஓங்கவில்லை. கத்தவில்லை. அவர் ஏற்கெனவே யோசித்துவைத்த எதையும் செய்யவில்லை.

"எதுக்கு?" என்றாள்.

இதுதான் கேள்வி. பதினோரு பக்கமும் இதற்குத்தான். அவர் வாயைத் திறந்தார். தேர்வுக் கண்காணிப்பு என்று சொல்லலாம். அக்கா என்று சொல்லலாம். ஆள் இல்லை என்று சொல்லலாம். ஒவ்வொன்றாகத் தொண்டைவரை வந்து, அந்த நெற்றியைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று.

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லம்மா."

ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டாகவில்லை, இன்று சீக்கிரம் திறக்கிறார்கள். வரிசை ஒரு உலுக்கு உலுக்கி நிமிர்ந்தது, பெஞ்சுகளிலிருந்து ஆட்கள் தத்தம் பைகளை நோக்கி ஓடிவந்தார்கள். அவள் நகரவில்லை. கூடையை முதல்முறையாகத் தரையில் வைத்தாள், புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள்.

"உங்க போன எடுங்க."

"என்னம்மா?"

"போன எடுங்க சார். என் நம்பர்னா அவ எடுக்க மாட்டா. உங்க நம்பர்லேந்து போடுங்க. இப்ப எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க. கூடைய அம்மா சரியாத்தான் வச்சாங்கன்னு சொல்லுங்க. மத்தத அப்பறம் பாக்கலாம்."

எண்ணை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், நடுவில் நிறுத்தி, அவர் அழுத்தியதைச் சரிபார்த்து, கடைசி இரண்டு எண்ணை இரண்டு தடவை சொன்னாள். பின்னால் ஒரு ஆள், சார், நகருங்க, முன்னாடி காலியா இருக்கு என்றார். பரஞ்சோதி கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னார். அவர் போனார், அவருக்குப் பின்னால் இன்னொருவர் போனார். அக்கா பெஞ்சிலிருந்து, டேய் ஜோதி, என்னடா பண்ற, இடம் போகுதுடா என்று கூப்பிட்டாள். போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்று, ஒரு இளம் குரல், அவசரத்தில் எதையோ மென்றுகொண்டே, அலோ, யாரு என்றது.

அந்தப் பெண் போனைப் பார்க்கவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.